சுந்தரிக்கு ஏன் இன்னும் படபடக்கிறது?

சுந்தரியின் பிளாஸ்டிக் கவரில் நான்கு ஈ.சி.ஜி. தாள்கள், ஓர் எக்கோ ரிப்போர்ட், தைராய்டும் சர்க்கரையும் ரத்த அளவும் பார்த்த ரிப்போர்ட்டுகள் இருக்கின்றன. எல்லாமே நார்மல். ஒவ்வொரு தடவையும் டாக்டர், "ஒண்ணுமில்லைம்மா, கேஸ் ட்ரபிளா இருக்கும், டென்ஷனைக் குறைச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சுந்தரிக்கு ஓரிரு நாள் நிம்மதி. அப்புறம் மறுபடியும் நெஞ்சு படபடக்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது, இந்த நிமிடமே உயிர் போய்விடும் என்று தோன்றுகிறது.

சுந்தரி நிஜ மனிதர் இல்லை. மனநலம் படிக்கும் மாணவர்களுக்குப் பயிற்சி தருவதற்காக இப்படிக் கற்பனை நோயாளிகளை உருவாக்குவது வழக்கம். நிஜ ஆளின் அந்தரங்கத்தை வகுப்பறையில் விரித்துப்போட முடியாது. கற்பனை ஆள் என்றால் தாராளமாகப் பிரித்துப் பார்க்கலாம், தவறாக எழுதினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தக் கட்டுரைக்காக நான் உருவாக்கிய சுந்தரிக்கு வயது 36. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், ஒரு மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வீடு பெருமாநல்லூர் பக்கம்.

இவருக்கு இருப்பது பேனிக் டிஸார்டர் என்று சொல்வது கடினமில்லை. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும் பேனிக் அட்டாக், எதிர்பாராத நேரத்தில் திரும்பத் திரும்ப வர வேண்டும். படபடப்பு, மூச்சுத் திணறல், நடுக்கம், மரத்துப்போதல், சாகப்போகிறோம் என்ற பயம் என்று நீளும் 13 அறிகுறிகளில் நான்காவது சேர்ந்து வர வேண்டும். அதன்பிறகு ஒரு மாதத்துக்குக் குறையாமல் 'மறுபடி வந்துவிடுமோ' என்ற பயமோ, அந்தப் பயத்தால் நடவடிக்கையில் மாற்றமோ இருக்க வேண்டும். தைராய்டு, இதயத் துடிப்புக் கோளாறு, ரத்தசோகை, வீசிங் மருந்து போன்ற வேறு காரணம் இருக்கக் கூடாது. சுந்தரிக்கு அத்தனையும் பொருந்துகிறது.

ஆனால் இந்தப் பெயர், ஹாஸ்டலில் முதல் அட்டாக் வந்த கல்லூரிப் பையனுக்கும் பொருந்தும், ரிட்டயர் ஆன தபால்காரருக்கும் பொருந்தும். மூவரிடமும் நோய் ஓடுகிற வழி வேறு. சுந்தரியிடம் அது எந்த வழியாக வந்தது, எதனால் போகாமல் இருக்கிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதுவதுதான் கேஸ் ஃபார்முலேஷன். முன்பே இருந்தது என்ன, கிளப்பிவிட்டது எது, விடாமல் பிடித்துவைத்திருப்பது எது என்ற மூன்று கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும். மருத்துவ உலகில் இவற்றை முன்சார்புக் காரணிகள், தூண்டும் காரணிகள், நீடிக்கவைக்கும் காரணிகள் என்று பிரிப்பார்கள். நாலாவதாக, நோயாளிக்குக் கைகொடுக்கும் பலங்களையும் எழுதுகிறவர்கள் உண்டு.

புதிதாக எழுதுகிறவர்கள் பிறப்பிலிருந்து ஆரம்பிப்பார்கள். பிரசவம் எப்படி, பள்ளியில் எப்படி, கல்யாணம் எந்த வயதில் என்று பக்கம் பக்கமாக நிரம்பும். நான் சொல்வது இதற்கு நேர் எதிர்: கடைசியாக வந்த ஓர் அட்டாக்கை எடுத்துக்கொள்ளுங்கள், அதை நிமிடம் நிமிடமாகக் கேளுங்கள். 'பொதுவா எப்படி இருக்கும்?' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

போன செவ்வாய்க்கிழமை. கம்பெனி விட்டு இரவு ஒன்பது மணி பஸ். சுந்தரிக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. பல்லடம் ரோட்டில் யாரோ விழுந்துவிட்டதாக வந்த வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் வைக்கிறார். அப்போது நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டு, அடுத்தது பலமாக அடித்த மாதிரி இருக்கிறது. (ஆரோக்கியமான இதயத்திலும் அவ்வப்போது நடக்கக்கூடியது இது, பெரும்பாலானோர் கவனிப்பதே இல்லை.) கை தானாக மணிக்கட்டுக்குப் போய் நாடியைத் தேடுகிறது. வேகமாக இருக்கிறது. 'அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கும்.' ஆழமாக மூச்சை இழுக்கிறார். போதவில்லை என்று மறுபடி இழுக்கிறார். விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரக்கிறது, தலை லேசாகிறது. 'ரத்த ஓட்டம் நிக்குது.' இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி ஒரு மெடிக்கல் ஷாப் படியில் உட்கார்ந்து கணவருக்குப் போன் செய்கிறார். தண்ணீர் குடிக்கிறார். கணவர் வருவதற்குள் பாதி அடங்கிவிட்டது, வந்ததும் மீதி அடங்கிவிட்டது.

இதைக் கேட்டு வாங்கும்போது நான்கு கேள்விகள் போதும். முதலில் உடம்பில் என்ன தெரிந்தது? அதற்கு என்ன அர்த்தம் என்று தோன்றியது? உடனே என்ன செய்தீர்கள்? அதைச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சுந்தரியின் பதில்: "இறங்காம இருந்திருந்தா, போய்ச் சேர்ந்திருப்பேனுங்க மேடம்." நோயை நீடிக்கவைப்பதில் பெரும்பங்கு இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது பின்னோக்கிப் போகலாம், தேவையான அளவு மட்டும்.

சுந்தரிக்குப் பதிமூன்று வயதில் அப்பா இறந்தார். விசைத்தறி ஓட்டியவர். ஒரு நாள் சாயங்காலம் நெஞ்சு கரிக்கிறது என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேஸ்தான் என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது. சுந்தரி கூடவே இருந்தார்.

பெற்றோர் இறந்ததைக் குறித்துக்கொண்டு, 'சிறுவயதில் தந்தையை இழந்தவர்' என்று எழுதினால் அது விவரம்தான், ஃபார்முலேஷன் இல்லை. தந்தையை இழந்த எல்லோருக்கும் பேனிக் வருவதில்லை. அந்தச் சாவிலிருந்து சுந்தரி என்ன கற்றுக்கொண்டார் என்று எழுத வேண்டும். அவர் கற்றுக்கொண்டவை இரண்டு. நெஞ்சில் சின்னதாக ஏதாவது செய்தாலும் அது சாவின் ஆரம்பமாக இருக்கலாம் என்பது ஒன்று. 'ஒண்ணுமில்லை, கேஸ்தான்' என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது என்பது இன்னொன்று. நார்மல் என்று வந்த நான்கு ஈ.சி.ஜி.யும் ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது புரிகிறதல்லவா? டாக்டர் எந்த வார்த்தையைச் சொல்லித் தைரியம் கொடுத்தாரோ, அதே வார்த்தையைச் சொல்லித்தான் அன்றைக்கு அப்பாவை வீட்டிலேயே வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அம்மா மாறிப்போனார். மகள் ஓடி வந்து மூச்சு வாங்கினால் உட்காரவைத்து நெஞ்சில் கைவைத்துப் பார்ப்பார். வெயிலில் விளையாடக் கூடாது, மாடிப்படி வேகமாக ஏறக் கூடாது. அம்மாவுக்கும் அவ்வப்போது படபடப்பு வந்து படுத்துவிடுவது உண்டு. பேனிக் டிஸார்டர் உள்ளவர்களின் நெருங்கிய ரத்த உறவுகளுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். ஆனால் சுந்தரிக்கு அம்மாவிடமிருந்து பரம்பரையாக வந்தது எவ்வளவு, அம்மாவைப் பார்த்துக் கற்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் கொண்டுபோய்விட்டிருக்கின்றன: உடம்பின் பதற்ற அறிகுறிகளையே ஆபத்தாகப் பார்க்கும் சுபாவம். ஆராய்ச்சியாளர்கள் இதற்குப் பதற்றக் கூருணர்வு என்று பெயர் வைத்து, அளக்கக் கேள்வித்தாளும் செய்திருக்கிறார்கள். இதயம் வேகமாக அடித்தால் 'ஓடி வந்தேன், அடிக்குது' என்று ஒருவர் விட்டுவிடுவார். இந்தச் சுபாவம் உள்ளவர் நின்று கவனிப்பார்.

இவ்வளவும் சுந்தரியிடம் 20 வருடங்களுக்கு மேலாக இருந்தவை. அந்தக் காலத்தில் அவர் வேலைக்குப் போனார், கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளை பெற்றார், ஓவர்லாக் மெஷினிலிருந்து சூப்பர்வைசர் வரை உயர்ந்தார். பேனிக் அட்டாக் ஒன்றுகூட இல்லை. அப்படியானால், ஏன் போன மே மாதம்?

இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது, குழப்பமும் இங்கேதான் அதிகம். கிளப்பிவிட்டவை என்று எழுதச் சொன்னால் மாணவர்கள் 'பஸ், கூட்டம், மாடிப்படி' என்று எழுதிவருவார்கள். அவை இன்றைக்கு ஓர் அட்டாக்கைக் கிளப்புபவை. நோய் என்பதையே முதன்முதலில் கிளப்பியது வேறு. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால், பஸ்ஸில் ஏறியதால்தான் நோய் வந்தது என்பதுபோல ஆகிவிடும். அதனால் நான் எப்போதும் தேதியைக் கேட்கச் சொல்வேன்: முதல் அட்டாக் எப்போது, அதற்கு முந்தைய சில மாதங்களில் வீட்டில், வேலையில், உடம்பில் என்ன நடந்தது?

மார்ச் மாதத்திலிருந்து கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி. வாரக்கணக்கில் ஒன்றரை ஷிப்ட். தூக்கம் ஐந்து மணி நேரம்தான். மதியச் சாப்பாட்டைப் பல நாள் பாதியில் விட்டுவிட்டு, அதற்குப் பதில் டீ. ஒரு நாளைக்கு ஆறு, ஏழு. ஏப்ரலில் அதே தெருவில் 41 வயதுக்காரர் ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார். அவருக்கும் பள்ளிக்கூடம் போகிற மகள். துக்கம் கேட்கப் போய் வந்ததிலிருந்து, ஜிம்மிலும் கல்யாண வீட்டிலும் ஆட்கள் திடீரென்று விழுகிற வீடியோக்களை சுந்தரி தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தார்.

முதல் அட்டாக் மே மாதத்தில், நெரிசலான பஸ்ஸில், நின்றுகொண்டு வரும்போது. அன்று மதியம் சாப்பிடவில்லை. இதையும் சேர்த்துப் பார்த்தால் அன்றைக்கு அவர் உடம்பில் வந்த படபடப்புக்கும் தலைசுற்றலுக்கும் வெப்பம், பசி, டீ, தூக்கமின்மை என்று சாதாரணக் காரணங்களே போதும். களைத்த உடம்பு அந்த உணர்வுகளைக் கொடுத்தது. தெருவில் நடந்த சாவு அவற்றுக்கு அர்த்தத்தைக் கொடுத்தது. அப்பாவின் சாவிலிருந்து கற்ற பாடம் அந்த அர்த்தத்தை உண்மை என்று நம்பவைத்தது. முன்பே இருந்ததும் கிளப்பிவிட்டதும் இப்படி ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். 'வேலைப்பளு' என்று மட்டும் எழுதினால், ஏன் தலைவலியோ தூக்கக் கோளாறோ வராமல் பேனிக் வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

ஜூலையில் ஷிப்மென்ட் போய்விட்டது. ஒரே ஷிப்ட். தூக்கம் பரவாயில்லை. துக்கமும் பழசாகிவிட்டது. கிளப்பிவிட்டவை எல்லாம் விலகிவிட்ட பிறகும் வாரத்துக்கு மூன்று அட்டாக். மூன்றாவது கேள்வி அதனால்தான் தனியாக நிற்கிறது. சிகிச்சைக்கு முக்கியமானதும் அதுதான். அப்பாவின் சாவை யாராலும் மாற்ற முடியாது. இன்றைக்கு நடந்துகொண்டிருப்பதை மாற்றலாம்.

1986இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த உளவியலாளர் டேவிட் கிளார்க், பேனிக் அட்டாக் எப்படி உருவாகிறது என்பதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். உடம்பில் ஏதோ ஓர் உணர்வு, அதை உடனடிப் பேராபத்து என்று தவறாகப் புரிந்துகொள்ளுதல், அதனால் பயம், பயத்தால் அட்ரினலின் சுரந்து அதே உணர்வு அதிகமாதல், 'பார்த்தாயா, நான் நினைத்தது சரி' என்று இன்னும் பயம். இந்தச் சுற்று சில நிமிடங்களில் உச்சிக்கு ஏறிவிடும். சுந்தரியின் செவ்வாய்க்கிழமை அப்படியே இதற்குள் உட்காருகிறது. மூச்சும் சேர்ந்துகொள்கிறது. தேவைக்கு மேல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்கித் தலை லேசாகிறது. விரலும் உதடும் மரக்கின்றன. விந்தையாக, காற்று போதவில்லை என்ற உணர்வும் வருகிறது. ஆகவே இன்னும் இழுக்கிறார். ரத்தம் நின்றுவிட்டதாக அவர் நினைத்த அந்த மரத்துப்போதல், அவருடைய ஆழ்ந்த மூச்சின் விளைவு.

இது ஓர் அட்டாக்கின் சுற்று. ஆனால் ஒரு புதிர் மிச்சமிருக்கிறது. இதுவரை ஐம்பது அட்டாக்காவது வந்திருக்கும். ஐம்பது தடவையும் சுந்தரி சாகவில்லை. பிறகு ஏன் 'இது ஆளைக் கொல்லாது' என்று அவர் கற்றுக்கொள்ளவில்லை?

இதற்கான பதிலை 1991இல் கிளார்க்கின் சகாவான பால் சால்கோவ்ஸ்கிஸ் எழுதினார். ஆபத்து வராமல் இருக்க மனிதர்கள் ஏதோ ஒன்றைச் செய்கிறார்கள், ஆபத்து வருவதில்லை, தாங்கள் செய்த அதனால்தான் தப்பித்தோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதுகாப்பு நடவடிக்கைகள் என்று அவற்றுக்குப் பெயர். "இறங்காம இருந்திருந்தா, போய்ச் சேர்ந்திருப்பேனுங்க" என்ற வாக்கியத்தை இப்போது மறுபடி படித்துப் பாருங்கள். ஐம்பது தடவையும் பிழைத்தது, பயம் பொய் என்பதற்கு ஆதாரமாகாமல், மயிரிழையில் தப்பித்த ஐம்பது கதைகளாக அவர் மனதில் சேர்ந்திருக்கிறது.

சுந்தரி என்னென்ன செய்கிறார் என்று கேட்டால் முதலில் இரண்டு மூன்றுதான் சொல்வார். பொறுமையாகக் கேட்டால் வந்துகொண்டே இருக்கும். பஸ்ஸில் வாசலுக்குப் பக்கத்து சீட். கைப்பையில் தண்ணீர் பாட்டில், ஒரு குளுக்கோஸ் பாக்கெட், யாரோ எழுதிக்கொடுத்த அல்ப்ராசோலம் அரை மாத்திரை. அதை அவர் போடுவது அபூர்வம், ஆனால் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். கோவிட் காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இப்போது தலையணைக்கு அடியில் இருக்கிறது. அது 98, 99 காட்டும். நல்ல வேளை, உட்கார்ந்ததால் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். கம்பெனியில் இரண்டாம் மாடிக்குப் போக வேண்டியிருந்தால் வேறு யாரையாவது அனுப்புகிறார். தாம்பத்தியத்தையும் தவிர்க்கிறார், அதிலும் நெஞ்சு படபடக்கும் என்பதால். இதைப் பலர் கேட்கவும் மாட்டார்கள், நோயாளி தானாகச் சொல்லவும் மாட்டார்.

கணவரையும் இந்தக் கட்டத்தில் எழுத வேண்டியிருக்கிறது. நல்ல மனிதர். போன் வந்தால் லோடை நிறுத்திவிட்டு வருகிறார். "ஏனுங்க, எனக்கு ஒண்ணும் ஆகாதில்லீங்க?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டாலும், "ஒண்ணும் ஆகாது கண்ணு" என்று பத்துத் தடவையும் சொல்கிறார். ஒவ்வொரு பதிலும் கொஞ்ச நேரம் ஆற்றுகிறது, அடுத்த தடவை கேட்கிற பழக்கத்தை உறுதியாக்குகிறது. அவசரப் பிரிவில் எடுத்த ஈ.சி.ஜி.க்களும் அதையேதான் செய்தன. முதல் ஈ.சி.ஜி. அவசியமான பரிசோதனை, புதிய, வேறு மாதிரியான அறிகுறி வந்தால் மறுபடியும் பார்க்கத்தான் வேண்டும். அதே அறிகுறிக்கு, பயத்தைத் தணிப்பதற்காக மட்டும் எடுத்த நான்காவது, நோயின் பகுதி. கணவர்மேல் குற்றம் சாட்டுவதுபோல இதை எழுதிவிடக் கூடாது. எழுதிய தாளை சுந்தரியும் கணவரும் சேர்ந்து படிக்கப்போகிறார்கள்.

அதனால்தான் நோயாளியிடம் படித்துக்காட்ட முடியாத ஃபார்முலேஷனை நான் மதிப்பதில்லை. சுந்தரிக்காக எழுதியது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"உங்கள் பதிமூன்றாம் வயதில், 'கேஸ்தான்' என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா இறந்துபோனார். நெஞ்சில் ஏற்படும் எந்த மாற்றமும் ஆபத்தாக இருக்கலாம், மற்றவர்கள் சொல்லும் ஆறுதலை நம்பி இருந்துவிடக் கூடாது என்று அன்றைக்கு நீங்கள் எடுத்த முடிவு அந்தச் சூழ்நிலையில் நியாயமானது. அம்மாவின் பயமும் உடம்பைக் கூர்ந்து கவனிக்கப் பழக்கியது. இது பல வருடங்கள் தொந்தரவு தரவில்லை. இந்த வருடம் தூக்கமும் சாப்பாடும் குறைந்து, டீ அதிகமாகி, உடம்பில் படபடப்பும் தலைசுற்றலும் வந்த நேரத்தில், தெருவில் ஒரு சாவு பழைய பயத்தை எழுப்பியது. மே மாதம் பஸ்ஸில் வந்த படபடப்பை மாரடைப்பு என்று எடுத்துக்கொண்டீர்கள். அன்றிலிருந்து நாடியை அடிக்கடி பார்ப்பதால் சின்ன மாற்றங்களும் கண்ணில் படுகின்றன. பயந்து ஆழமாக மூச்சு விடுவதால் மரத்துப்போகிறது. அது பயத்தை உறுதிசெய்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்குவது, மாத்திரையையும் ஆக்ஸிமீட்டரையும் உடன் வைத்திருப்பது, மாடி ஏறாமல் இருப்பது, கணவரிடம் கேட்பது எல்லாம் அப்போதைக்கு நிம்மதி தருகின்றன. ஆனால் இவை இல்லாமலும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அவை எடுத்துவிடுகின்றன."

இதில் ஒவ்வொரு வாக்கியமும் அடுத்ததற்குக் காரணமாக நிற்பதைக் கவனியுங்கள். மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து சொற்களை நிரப்பிக் கொடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். கட்டங்கள் யோசிப்பதற்கு உதவும். ஆனால் 'தந்தை மரணம்' என்ற சொல்லுக்கும் 'ஆக்ஸிமீட்டர்' என்ற சொல்லுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று கட்டம் சொல்லாது.

எழுதியது சரியா என்று எப்படித் தெரியும்? அழகாகப் பொருந்துகிறது என்பது ஆதாரமில்லை. கெட்டிக்காரர் எந்த வாழ்க்கைக்கும் ஓர் அழகான கதை கட்டிவிடுவார். ஃபார்முலேஷன் ஓர் ஊகம். அது உண்மையானால் வேறு என்ன நடக்க வேண்டும் என்று கேட்டு, நடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு சோதனை சுந்தரியின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. இதயம் பலவீனம் என்றால் உழைக்கும்போதுதான் திணற வேண்டும். ஆனால் ஆகஸ்டில் ஒரு நாள் பீஸ் கணக்கு உதைத்து, செக்கிங்கில் எல்லாம் திரும்பி வந்து, ஆள் இல்லாமல் அவரே பண்டலைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு மூன்று முறை ஏறி இறங்கினார். அட்டாக் வரவில்லை. பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருகிறது. இதயம்தான் காரணம் என்ற கதையால் இதை விளக்க முடியாது. கவனம் எங்கே இருக்கிறது என்பதுதான் காரணம் என்ற கதை விளக்கிவிடும். அட்டாக் வந்த நாட்களையே கேட்டுக்கொண்டிருந்தால் இந்த மாதிரி தகவல் கிடைக்காது. வர வேண்டிய இடத்தில் வராத நாளையும் கேட்க வேண்டும்.

மற்ற சோதனைகளை அறைக்குள் செய்யலாம். கண்ணை மூடி இரண்டு நிமிடம் நெஞ்சின் துடிப்பை மட்டும் கவனிக்கச் சொல்வது ஒன்று. கிளார்க்கின் குழு பயன்படுத்திய இன்னொன்று, ஒரு தாளில் ஜோடி ஜோடியாக எழுதிய சொற்களை உரக்கப் படிக்கவைப்பது: படபடப்பு–மரணம், மூச்சு–திணறல், தலைசுற்றல்–மயக்கம். நினைப்புக்கும் உடம்புக்கும் தொடர்பு இருக்கிறது என்ற ஊகம் சரியென்றால், படித்துக்கொண்டிருக்கும்போதே சிலருக்கு அறிகுறிகள் தலைகாட்டும். மூன்றாவது, ஓரிரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடுவது. விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது. "அய்யோ, பஸ்ஸுல வர்ற அதேதானுங்க" என்று சுந்தரி சொன்னால் ஊகம் பலப்படுகிறது. 'வேற மாதிரி இருக்கு' என்றால் எழுதியதைத் திருத்த வேண்டும். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த மூச்சுச் சோதனை கூடாது. வீட்டில் தனியாகச் செய்து பார்ப்பதற்கானதும் அல்ல.

சிகிச்சையும் இதே தாளிலிருந்துதான் வருகிறது. மூன்றாவது கேள்விக்கான பதிலில் இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு வேலை. சுந்தரி பஸ்ஸில் நடு சீட்டில் உட்கார்ந்து, பாட்டிலும் ஆக்ஸிமீட்டரும் இல்லாமல், படபடப்பு வந்தாலும் தன் ஸ்டாப் வரை போக வேண்டும். போவதற்கு முன்னால், 'இறங்காவிட்டால் செத்துவிடுவேன்' என்பதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறார் என்று எழுதுகிறார்: 90. போய் வந்த பிறகு மறுபடி எழுதுகிறார். எவ்வளவு பயம் வந்தது என்பதைவிட இந்த எண் எவ்வளவு இறங்குகிறது என்பதே முக்கியம். கணவருக்கும் ஒரு வேலை உண்டு. அவர் கேட்கும்போது, "நாம பேசிவச்சது ஞாபகம் இருக்குதா கண்ணு?" என்று மட்டும் சொல்ல வேண்டும். பேனிக்குக்கு மருந்துகளும் பலன் தருகின்றன, எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகளைத்தான் பொதுவாக முதலில் கொடுப்பார்கள். பையில் இருக்கும் அல்ப்ராசோலத்தின் கணக்கு வேறு. அதைத் தினமும் சாப்பிட்டுவந்தவர் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. சுந்தரி மாதிரி சும்மா சுமக்கிறவர் சுமப்பதை விடலாம்.

ஃபார்முலேஷனை ஒரு தடவை எழுதி ஃபைலில் வைத்துவிடுவதில் பயனில்லை என்பதற்கும் சுந்தரியே உதாரணம். ஐந்து வாரத்தில் அட்டாக் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. பஸ்ஸில் முழுத் தூரமும் வருகிறார். ஆனால் அந்த எண் 60இல் நின்றுவிட்டது, இறங்கவே இல்லை. இப்படி நடந்தால் நோயாளிக்கு ஒத்துழைப்பு இல்லை என்று எழுதுவது சுலபம். சிகிச்சை தருபவர் திரும்பவும் அந்தப் பழைய முறைக்கே போகிறார்: கடைசியாக பஸ்ஸில் வந்த நாளை நிமிடம் நிமிடமாகக் கேட்கிறார். ஏறி உட்கார்ந்ததும் என்ன செய்தீர்கள்? "நீங்க சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சிதானுங்க மேடம். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுறது. ஸ்டாப் வர்ற வரைக்கும் விடவே மாட்டேன்." செய்யாமல் இருந்திருந்தால்? சுந்தரி கொஞ்சம் யோசிக்கிறார். "அதான் பயமா இருக்குதுங்க."

முதல் வாரத்தில் பயம் தணிய என்று சொல்லிக்கொடுத்த பயிற்சி, தண்ணீர் பாட்டிலின் இடத்துக்கு வந்துவிட்டது. மெதுவாக மூச்சு விடுவதில் தவறில்லை. எண்ணுவதை நிறுத்தினால் இதயம் நின்றுவிடும் என்ற நம்பிக்கைக்கு அது காவல் நிற்கும்போது, அதுவும் மூன்றாவது கேள்விக்கான பதிலில் சேர்கிறது. தாளில் பழைய வரிக்குக் கீழே சேர்த்து எழுதுகிறார்கள்: 'எண்ணி மூச்சு விடுவது — சிகிச்சையில் கற்றது.' அடுத்த வாரத்துக்கான வேலை, எண்ணாமல், வந்தபடி மூச்சு விட்டுக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே பெருமாநல்லூர் வரை வருவது. போவதற்கு முன்னால் எண்ணைக் கேட்டபோது சுந்தரி 75 என்று எழுதினார். ஏறியிருக்கிறது. இத்தனை நாள் கைவைக்காத ஒன்றில் இப்போதுதான் கைவைத்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.